நெல் அறுவடை: மெஷினுக்கு ஏக்கருக்கு எவ்வளவு, ஆள் வைத்து அறுத்துக் கதிரடித்தால் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமா சொல்லுங்க. ஏக்கருக்கு மெஷின் எவ்வளவு ஆகும், ஆள் வச்சா எவ்வளவு ஆகும்?

மன்னார்குடி பக்கம் தாளடி அறுப்புக்கு நான் போட்ட கணக்கில், நிமிர்ந்து நிற்கும் பயிரை பெல்ட் வண்டியில் அறுத்து, களத்துக்குக் கொண்டுவந்து காயவைக்கிற வரை ஏக்கருக்கு 5,200 ரூபாய் சுமார் ஆகிறது. அதே ஏக்கரை ஆள் வைத்து அறுத்து, கட்டுக் கட்டித் தூக்கி, கதிரடிக்கும் மெஷினைத் தனியாக வாடகைக்கு எடுத்தால் 11,400 சுமார் போய்விடுகிறது. வைக்கோல் விலையைக் கழித்த பிறகும் மெஷினுக்கே சுமார் 4,700 ரூபாய் லாபம்.

ஆனால் இந்த 4,700 எல்லா வயலிலும் கிடைக்காது. பயிர் சாய்ந்து, வயலில் சேறும் இருந்தால் கிட்டத்தட்ட முழுவதையும் வண்டி வாடகையே தின்றுவிடும். எந்த இடத்தில் கணக்கு மாறுகிறது என்பதைத்தான் கீழே சொல்கிறேன். கூலியும் வாடகையும் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். என் தொகையை எடுத்துவிட்டு உங்கள் ஊர்த் தொகையைப் போட்டுப் பாருங்கள். போடுகிற முறை மாறாது.

அந்தக் கணக்கை வரி வரியா காட்ட முடியுமா?

காட்டுகிறேன். ஒரு ஏக்கர், அதாவது மூன்று மா, ஒரே வயலாக இருக்கிறது. பயிர் நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீரைப் பத்து நாளைக்கு முன்பே வடித்தாயிற்று. காய்ந்த நெல்லாக 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை விளைச்சல் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மெஷின். மணிக்கு 2,600 ரூபாய் வாடகை, மீட்டரில் 1.2 மணி ஓடியது. அது 3,120. டிரைவர் படி, டீ என்று 100. வண்டி திரும்ப முடியாத மூலைகளை முன்கூட்டியே அரிவாளால் அறுத்துவைக்க ஒரு ஆள், 350. நெல்லைக் களத்துக்குக் கொண்டுவர டிராக்டர் டிப்பர் 600. மெஷின் நெல் ஈரமாக வரும், அதனால் பரப்பிக் கிளறிக் காயவைக்க மூன்று ஆள் கூலி 1,050. மொத்தம் 5,220. மூட்டைக்கு 174 ரூபாய்.

இப்போது கை அறுப்பு. அறுக்க 12 பெண் ஆள், தலைக்கு 350 வீதம் 4,200. கட்டுக் கட்டித் தூக்கிக் களம் சேர்க்க நான்கு ஆண் ஆள், தலைக்கு 700 வீதம் 2,800. கதிரடிக்கும் மெஷின் டிராக்டரோடு மணிக்கு 1,200. இரண்டு மணி நேரம், 2,400. மெஷினில் கட்டை எடுத்துக் கொடுக்க, வைக்கோலைத் தள்ள, நெல்லை அள்ளித் தூற்ற நான்கு ஆள், 1,400. ஒருநாள் வெயிலில் காயவைக்க ஒரு ஆள், 350. டீ, சாப்பாடு 250. மொத்தம் 11,400. மூட்டைக்கு 380 ரூபாய்.

வைக்கோலையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். மெஷின் விட்டுப்போன வைக்கோலுக்கு ஏக்கருக்கு 1,000 ரூபாய் கிடைத்தது. கதிரடித்துப் போர் போட்ட வைக்கோலுக்கு 2,500. கழித்துப் பார்த்தால் மெஷின் பக்கம் 4,220, கை அறுப்புப் பக்கம் 8,900.

இரண்டு பக்கத்திலும் பெரிய தொகை எது என்று பாருங்கள். மெஷின் பக்கம் ஓடிய நேரம். கை அறுப்புப் பக்கம் ஆள் எண்ணிக்கை. பலர் கதிரடி மெஷினின் வாடகை கூடுதல் என்று வருத்தப்படுகிறார்கள். ஆனால் அந்த 11,400-இல் அதன் பங்கு 2,400 மட்டும்தான். அதைச் சுற்றி நிற்கிற ஆட்களுக்கும், வயலிலிருந்து களம் வரை கட்டைத் தூக்குவதற்கும்தான் பணம் போகிறது. களம் வயலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் தூக்குகூலி பாதியாகக் குறையும்.

மணிக்கு 2,600-ன்னு பேசினேன். முடிச்சப்போ ஏக்கருக்கு 5,000 வாங்கிட்டாங்க. எப்படி?

மணி வாடகை உயர்ந்திருக்காது, ஓடிய மணிதான் உயர்ந்திருக்கும். அதற்கு மூன்று காரணம் பொதுவாக உண்டு.

ஒன்று, வயலின் உருவம். ஒரு ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால் வண்டி சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே போகும். அதே ஏக்கர் ஐந்து துண்டாக, வரப்பு வரப்பாக இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் இறங்கி, ஏறி, திரும்பி, மூலையில் பின்னால் வந்து மறுபடி முன்னால் போகிற நேரம் சேர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் துண்டு வயல்களில் ஏக்கருக்கு அரை மணிகூட இப்படிக் கூடியிருக்கிறது.

இரண்டு, காத்திருப்பு. வண்டியின் தொட்டி நிறைந்ததும் டிப்பர் அங்கே நிற்க வேண்டும். அது களத்துக்குப் போய் வரும்வரை வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றால் மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்தக் காசு முழுக்க நாம் தவிர்க்கக்கூடியது. வரப்போரத்தில் தார்ப்பாய் விரித்து அங்கேயே கொட்டச் சொல்லிவிட்டு, டிப்பரில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாமலே போகிறது. வண்டியின் மணி மீட்டர் பத்தில் ஒன்றாகக் காட்டும். கடைசி எண் நிமிஷம் அல்ல. 0.1 என்றால் 6 நிமிஷம். 1.3 என்றால் ஒரு மணி 18 நிமிஷம், ஒன்றரை மணி இல்லை. நானும் ஒருமுறை இதில் ஏமாந்தேன். இறங்கும்போதும் ஏறும்போதும் மீட்டரை எழுதிவைத்திருந்தேன், வித்தியாசம் 4.7. வண்டி பிடித்துக் கொடுத்த புரோக்கர் அதை நாலு மணி எழுபது நிமிஷம் என்று சொல்லி, ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குக் காசு வாங்கிப்போனார். உண்மையில் ஓடியது நாலு மணி 42 நிமிஷம். 28 நிமிஷத்துக்கு 1,200 ரூபாய்க்குமேல் கூடுதலாகக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பையன் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஆகவே வித்தியாசத்தை அப்படியே மணி வாடகையால் பெருக்குங்கள்: 4.7 × 2,600 = 12,220. நிமிஷமாக மாற்றவே வேண்டாம்.

வண்டி வயலில் இறங்குகிற இடத்தில் நின்று மீட்டரைப் போனில் ஒரு போட்டோ எடுங்கள், ஏறும்போது இன்னொன்று எடுங்கள். பிறகு பேச்சுக்கே இடமிருக்காது.

அப்ப மணிக்கணக்கை விட்டுட்டு ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசிட்டா நல்லதுதானே?

பார்க்க நல்லதாகத்தான் தெரியும். ஏக்கர் கணக்கில் பேசினால் வண்டிக்காரருக்குச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போனால்தான் லாபம். வேகமாக ஓட்டினால் உள்ளே போகிற கதிரின் அளவு கூடும், டிரம் முழுதாக அடிக்காது, சல்லடை தாங்காது, நெல் வைக்கோலோடு பின்னால் விழும். மிச்சம் பிடித்த காசு வயலில் கொட்டிக் கிடக்கும்.

மணிக்கணக்கில் நிலைமை தலைகீழ். மெதுவாக ஓட்டினால் அவருக்குக் காசு, நமக்கு நெல் மிச்சம். அளவுக்கு மீறி மெதுவாக ஓட்டினால் அவருக்கு மட்டும்தான் காசு. நான் மணிக்கணக்கில்தான் பேசுவேன், ஆனால் கூடவே நிற்பேன். வயலுக்குப் போக முடியாதவர்கள், வெளியூரில் இருப்பவர்கள் ஏக்கர் கணக்கில் பேசிவிடுவது தேவலை. அப்படிப் பேசினால் நெல் சிந்துவதைப் பார்க்க யாராவது ஒருவரை அனுப்புங்கள்.

டயர் வண்டி வாடகை கம்மியா இருக்கே. அதையே கூப்பிடலாமா?

தரை இறுகிக் காய்ந்திருந்தால் தாராளமாகக் கூப்பிடலாம். கால் வைத்தால் சுவடு பதியாத வயலில் டயர் வண்டி அகலமாக அறுத்துக்கொண்டு வேகமாகப் போகும். மணி வாடகையும் குறைவு, நேரமும் குறைவு. டெல்டாவில் குறுவை அறுப்பு மழைக்காலத்தை ஒட்டி வருகிறது, தாளடி அறுப்பிலும் பள்ளமான வயலில் ஈரம் நிற்கிறது. அந்த மாதிரி வயலில் டயர் புதைந்தால் இழுக்க இன்னொரு வண்டி வரவேண்டும். பெல்ட் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது அந்த ஆபத்துக்குத்தான். வயலுக்குள் நடந்து பாருங்கள். குதிகால் உள்ளே இறங்கினால் பெல்ட் வண்டிதான் வேண்டும்.

மெஷின் நெல்லை வயல்லயே கொட்டிட்டுப் போகுதுன்னு சொல்றாங்களே. உண்மையா, எவ்வளவு போகும்?

கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். கை அறுப்பிலும் கட்டுத் தூக்கும்போது உதிர்கிறது, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எவ்வளவு கொட்டுகிறது என்பதை ஐந்து நிமிஷத்தில் நீங்களே எண்ணிவிடலாம்.

கம்பியையோ குச்சியையோ வளைத்து ஓரடிக்கு ஓரடிச் சதுரம் ஒன்று செய்துகொள்ளுங்கள். வண்டி இறங்கும் முன், நிற்கிற பயிருக்கு நடுவே இரண்டு மூன்று இடத்தில் வைத்து, தானாகவே உதிர்ந்து கிடக்கும் நெல்லை எண்ணுங்கள். அது மெஷின் கணக்கில் வராது. வண்டி ஒரு சுற்று வந்ததும் நிறுத்தச் சொல்லி, பின்னால் வைக்கோல் விழுந்த வரிசையில் வைக்கோலை விலக்கிவிட்டு இரண்டு இடத்திலும், வைக்கோல் விழாத பக்கத்தில் இரண்டு இடத்திலும் எண்ணுங்கள். சல்லடையிலிருந்து விழுவது எல்லாம் வைக்கோல் வரிசைக்குக் கீழேதான் இருக்கும், ஆகவே அங்கே மட்டும் எண்ணினால் பயந்துபோவீர்கள். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து, முதலில் எண்ணியதைக் கழித்துவிடுங்கள்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஆயிரம் நெல்மணி 20 கிராம் எடை இருக்கும் ரகத்தில், சதுர அடிக்கு 10 மணி கிடந்தால் ஏக்கருக்கு 8.7 கிலோ. கொள்முதல் விலையில் 220 ரூபாய் சுமார். இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. 40 மணி கிடந்தால் 35 கிலோ, 870 ரூபாய். அப்போது வண்டியை மேலே ஓட்டவிடாமல் டிரைவரிடம் பேசுங்கள்.

என்ன பேசுவது என்பது எந்த மாதிரி கொட்டுகிறது என்பதைப் பொறுத்தது. வைக்கோலில் கதிரோடு ஒட்டிய நெல் இருந்தால் டிரம் சரியாக அடிக்கவில்லை, அல்லது பயிர் இன்னும் ஈரம். உதிரி நெல், அதுவும் நல்ல முற்றிய நெல், பின்னால் பறந்து விழுந்தால் காற்று அதிகம் அல்லது வேகம் அதிகம். முன்பக்கம், அறுக்கிற இடத்திலேயே உதிர்ந்தால் கதிரைச் சாய்த்து இழுக்கிற சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. அல்லது பயிர் முற்றி அறுப்பு தள்ளிப்போய்விட்டது. தொட்டியில் உள்ள நெல்லை ஒரு கை அள்ளிப் பாருங்கள்: உமி உரிந்த அரிசி நிறையத் தெரிந்தால் டிரம் இறுக்கமாக இருக்கிறது, பதரும் தூசும் நிறைய இருந்தால் காற்று போதவில்லை. நல்ல டிரைவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், இறங்கி வந்து பார்ப்பார்.

இன்னொன்று. காலையில் பனி ஈரத்தோடு வண்டியை இறக்கினால் எந்த டிரைவரும் சரியாக அறுக்க முடியாது. ஈர வைக்கோலோடு நெல் ஒட்டிக்கொண்டு போய்விடும். தை, மாசியில் பனி விலகிப் பயிர் காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் இறக்கச் சொல்லுங்கள்.

மழையில பயிர் சாஞ்சிடுச்சு. இப்ப மெஷினா ஆளா?

இங்கேதான் நான் முதலில் சொன்ன 4,700 ரூபாய் லாபம் கரைகிறது. சாய்ந்த பயிரை வண்டி சுற்றி அறுக்க முடியாது. கதிர் சாய்ந்து கிடக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து போனால்தான் சக்கரம் கதிரைத் தூக்கி இழுக்கும். ஆகவே ஒரு பக்கம் அறுத்துக்கொண்டு போய், வெறுமனே திரும்பி வந்து, மறுபடி அதே பக்கமிருந்து தொடங்க வேண்டும். கீழே வெட்டினால் சேறு உள்ளே போகும், மேலே வெட்டினால் கதிர் விட்டுப்போகும். 1.2 மணி ஆகும் ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை மணி சாதாரணமாக ஆகிறது.

எந்த இடத்தில் மெஷின் கட்டாது என்று பார்ப்போம். மேலே போட்ட கணக்கில் வித்தியாசம் 4,680. அதை மணி வாடகை 2,600-ஆல் வகுத்தால் 1.8 மணி. அதாவது வழக்கமான 1.2 மணிக்கு மேல் இன்னும் 1.8 மணி, ஆக ஏக்கருக்கு மூன்று மணி நேரம் வரை மெஷின் ஓடினாலும் கை அறுப்பைவிட நஷ்டம் இல்லை. சேற்றில் மிதிபட்ட வைக்கோலை யாரும் வாங்கமாட்டார்கள், அந்த ஆயிரத்தையும் கழித்தால் இந்த எல்லை சுமார் இரண்டரை மணிக்கு இறங்கும். ஆனால் சாய்ந்த பயிரை அறுக்க ஆட்களுக்கும் கூடுதல் நேரம்தான். 12 பேர் அறுத்த இடத்தில் 16 பேர் வேண்டியிருந்தால் 1,400 கூடும், எல்லை மறுபடி மூன்று மணிக்கே போய்விடும்.

ஆகவே சாய்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் மெஷினை விடவேண்டாம். சாய்ந்து, தண்ணீரும் வடியாமல், கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிடத் தொடங்கிய வயல் வேறு. அங்கே வண்டி இறங்கினால் கதிரைச் சேற்றோடு மிதிக்கும். முதல் வேலை வாய்க்காலை வெட்டித் தண்ணீரை வடிப்பது. வடிய இடமே இல்லாத பள்ள வயலில் கிடைத்த ஆளை வைத்து அறுத்து மேட்டில் போடுவதுதான் வழி. அங்கே 11,400 அல்ல, அதற்கு மேலும் ஆகும், ஆனால் வேறு வழியில் நெல்லே வராது.

எங்களுக்கு மாடு இருக்கு. மெஷின் வைக்கோல் மாடு தின்னாதுன்னு சொல்றாங்க.

காய்ந்த வயலில் விழுந்து, மறுநாளே சுருட்டி எடுத்த மெஷின் வைக்கோலை எங்கள் மாடுகள் தின்கின்றன. தின்னாதது பெல்ட் ஏறி மண் அப்பிய வைக்கோலையும், பனியிலும் மழையிலும் கிடந்து கறுத்ததையும்தான். மெஷின் தாளைக் கொஞ்சம் உயரமாகவே விட்டு அறுக்கும், அதனால் எடுக்கிற வைக்கோலின் அளவும் குறைவு.

வைக்கோல் கட்டும் மெஷின் ஒரு உருளைக் கட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. மாடு வைத்திருப்பவர் அந்தக் கூலியையும் மெஷின் பக்கத்துச் செலவில் சேர்க்க வேண்டும். கட்டு 40 ரூபாய் வீதம் 30 கட்டு என்றால் 1,200 ரூபாய். மேலே நான் வரவாக எழுதிய 1,000 உங்களுக்கு வராது, செலவாகத்தான் வரும். அப்படியும் மெஷின்தான் மலிவு. ஆனால் நான்கைந்து மாடு வைத்து, வருஷம் முழுக்கப் போர் வைக்கோலை நம்பி இருப்பவர்கள் ஒரு மா, இரண்டு மாவை மட்டும் கையால் அறுத்துக்கொள்வதை எங்கள் ஊரில் பார்க்கிறேன். கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

மெஷின்ல அறுத்தா மூட்டை கூட வருதே, அது லாபம் இல்லையா?

அந்தக் கூடுதல் மூட்டையில் இருப்பது தண்ணீர். மெஷின் நிற்கிற பயிரை அப்படியே அறுத்து அந்த நிமிஷமே நெல்லாக்கிவிடுகிறது. 22 சதவீத ஈரத்தில் வந்து இறங்கும் 32 மூட்டை, 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் 30 மூட்டைதான். கையால் அறுத்து அரியாகத் தாள்மேல் ஒருநாள் வெயிலில் போட்டால் அந்த வேலையில் பாதி வயலிலேயே நடந்துவிடும். அதனால்தான் காயவைக்கிற கூலியை மெஷின் பக்கம் மூன்று ஆளும், கை அறுப்புப் பக்கம் ஒரு ஆளும் என்று போட்டேன்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத எல்லை 17 சதவீதம். அதற்கு மேல் இருந்தால் நெல்லோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், அல்லது அங்கேயே சாலையோரம் காயவைக்க வேண்டியதுதான். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் டெல்டாவில் அறுப்பு நேரத்தில் பெய்த மழைக்குப் பிறகு மத்திய அரசு அதை 20 சதவீதமாகத் தளர்த்தியது. அதுமாதிரி தளர்வு அறிவிப்பு வந்த பிறகுதான் நம்பலாம். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துப் பொது ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. இந்த விலைக்கும், ஈரம் என்று சொல்லி வியாபாரி கேட்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் மூன்று ஆள் கூலி பெரிதில்லை.

காயவைக்க இடமில்லாமல் மெஷினைக் கூப்பிடாதீர்கள். மூன்று ஏக்கர் நெல் நான்கு மணி நேரத்தில் வந்து குவிந்துவிடும். ஈர நெல் குவியலாக ஓர் இரவு கிடந்தாலே உள்ளே சூடேறும்; கையை விட்டுப் பார்த்தால் தெரியும். அது நிறம் மாறிப் பழுத்துப்போனால் எங்கும் விலை போகாது. கை அறுப்பில் நெல் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் இந்தத் தொல்லை இல்லை.

கதிரடி மெஷினை மணிக்கு வாடகை எடுக்கிறதா, மூட்டைக்கு இவ்வளவுன்னு பேசுறதா?

கட்டு நன்றாகக் காய்ந்திருந்து, எடுத்துக் கொடுக்க ஆள் போதுமான அளவு இருந்தால் மணிக்கு எடுங்கள். ஆள் குறைவாக இருந்தால், அல்லது கட்டு ஈரமாக இருந்தால், மூட்டைக்குப் பேசுங்கள். காரணம் எளிது: மெஷின் வெறுமனே சுற்றினாலும் மணி வாடகை ஓடும். இரண்டு பேர் மட்டும் கட்டு எடுத்துக் கொடுத்தால் இரண்டு மணி வேலை மூன்றரை மணியாகும். மூட்டைக்குப் பேசும்போது 60 கிலோ மூட்டையா, கொள்முதல் நிலையத்துக்குக் கட்டும் 40 கிலோ சிப்பமா என்று முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இதில் எங்கள் ஊரில் ஒவ்வொரு வருஷமும் ஒரு சண்டை நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஈரக்கட்டு மெஷினில் சிக்கினால் ஓடும்போது கையை விட்டு இழுக்காதீர்கள். புடவை முந்தானை, துண்டு, தொளதொளச் சட்டை எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். டிராக்டரை அணைத்துவிட்டு எடுப்பதால் போகிற ஐந்து நிமிஷ வாடகை 100 ரூபாய்தான்.

அரசாங்க மெஷின் வாடகைக்குக் கிடைக்கும்னாங்களே?

கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கு டயர் வண்டி 1,160, பெல்ட் வண்டி 1,880 என்ற அளவில் வாடகைக்கு விட்டுவந்திருக்கிறது. உழவன் செயலி வழியாகவோ, உங்கள் உபகோட்ட வேளாண்மைப் பொறியியல் அலுவலகத்திலோ பதிவு செய்து பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மேலே சொன்ன 1.2 மணிக்கு 1,880 வீதம் 2,256 ரூபாய். தனியார் வண்டியைவிட ஏக்கருக்கு 860 ரூபாய் சுமார் மிச்சம்.

வண்டிகள் கொஞ்சம்தான், பதிவு செய்பவர்கள் ஏராளம். அறுப்பு உச்சத்தில் இருக்கும்போது பதிந்தால் முறை வருவதற்குள் பயிர் முற்றி உதிர்ந்துவிடும். பால் பிடித்து மணி இறுகத் தொடங்கும்போதே பதிந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் சேலம், ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து வரும் தனியார் வண்டிகள்தான். அவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் முத்தரப்புக் கூட்டம் கூட்டி மணி வாடகை அறிவிக்கிற வழக்கம் டெல்டா மாவட்டங்களில் இருக்கிறது. அந்தத் தொகையைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால், மழை மேகம் கூடியதும் 300, 400 ஏற்றிக் கேட்பவரிடம் நின்று பேச முடியும். அதைவிடப் பலனளிப்பது, பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பத்து, பதினைந்து ஏக்கரை ஒரே வண்டிக்குப் பேசுவது. வண்டி அலைய வேண்டியதில்லை, அதனால் விலை குறைகிறது. நாங்கள் மூன்று வருஷமாக அப்படித்தான் பேசுகிறோம்.

எனக்கு மொத்தமே ஒரு மாதான். நடுவுல இருக்கு, வண்டி போக வழி இல்லை.

உங்களைச் சுற்றியுள்ளவர்கள் அறுத்த பிறகு அவர்கள் வயல் வழியாக வண்டி வரலாம். ஆனால் அது உங்கள் பயிர் முற்றும் நாளோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நடுவதுதான் அதற்கு வழி. இந்த வருஷம் அது முடியாது என்றால் கையால் அறுப்பதே சரி. ஒரு மாவுக்கு நான்கு ஆள் போதும். வீட்டு ஆட்கள் இருவர், மாற்றாள் இருவர் என்று அறுத்தால் கையிலிருந்து போகும் காசு கட்டுத் தூக்குவதற்கும் கதிரடிப்பதற்கும்தான். கதிரடி மெஷின் ஒரு மா நெல்லுக்காகத் தனியாக வராது, வந்தாலும் ஒரு மணி வாடகைக்குக் குறைவாக வாங்காது. பக்கத்துக் களத்துக்கு வருகிற நாளில் உங்கள் கட்டையும் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு மூட்டையைக் கல்லில் அடித்தே முடிக்கிறவர்களும் உண்டு, வைக்கோலும் முழுசாகக் கிடைக்கும்.

தாளடியில உளுந்து தெளிக்கிறோம். பெல்ட் வண்டி இறங்கினா உளுந்து போயிடுமா?

அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளித்து முளைத்து நிற்கும் உளுந்து, பெல்ட் ஏறிய தடத்தில் நசுங்கும். வைக்கோல் வரிசை விழுந்த இடத்தில் மூச்சுமுட்டி வெளுத்துப்போகும். கை அறுப்புக்கு இருக்கிற உண்மையான பெரிய சாதகம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, இதை அறுப்புக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அறுப்புக்கூலி ஜனவரியில் போகிறது, உளுந்து ஏப்ரலில் வருகிறது, இரண்டும் ஒரே வயலின் கணக்கு என்பது மறந்துபோகிறது.

மெஷின்தான் என்று முடிவு செய்துவிட்டால் முன்கூட்டித் தெளிக்காதீர்கள். வண்டி இறங்கும் அன்று காலையில், அல்லது முந்தின நாள் மாலையில் தெளியுங்கள். முளைக்காத விதை தடத்தில் அழுந்தினாலும் கொஞ்சம் முளைத்து வரும், முளைத்த செடி வராது. நான் வழக்கமான அளவைவிட ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை கூடுதலாகப் போடுகிறேன். வைக்கோலை இரண்டு நாளைக்குள் எடுத்துவிட வேண்டும், அது வைக்கோல் கட்டும் மெஷின்காரர் கையில் இருப்பதால் அவரிடமும் முன்பே சொல்லிவைக்கிறேன். வயலில் அப்போது ஈரம் இருந்தே ஆக வேண்டும், ஆனால் வண்டி புதையுமளவுக்கு இருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைப்பது மூன்று நான்கு நாள்தான். அந்த நாளில் வண்டி வராவிட்டால் உளுந்து போனதுதான்.

கூடுதல் விதை இரண்டு கிலோவுக்கு 250, 300 ரூபாய் ஆகலாம். தடத்தில் போகிற செடியின் மகசூல் 50 கிலோ என்றால் கிலோ 70 ரூபாய்க்கு 3,500. இரண்டையும் சேர்த்தால் மெஷினின் 4,680 லாபத்தில் மீதி ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இறங்குகிறது. எங்கள் பள்ள வயல் இரண்டு மாவில் உளுந்து நன்றாக வரும். அதை மட்டும் நான் இன்னும் ஆள் வைத்துத்தான் அறுக்கிறேன்.